வயர்லெஸ் கீபோர்டு: விளக்கை அடக்கி, உறங்க வைத்து, சரியான செல் போடுவது எப்படி?

முதலில் கீபோர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிறு மூடி இருந்தால் உள்ளே கழற்றி மாற்றும் செல்கள் இருக்கும். பெரும்பாலும் இரண்டு டிரிபிள் ஏ, சிலவற்றில் டபுள் ஏ. மூடி எதுவும் இல்லாமல் ஓரத்தில் சார்ஜ் வயர் செருகும் துளை மட்டும் இருந்தால், லித்தியம் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது நிமிர்த்தி வைத்து, எழுத்துகளுக்கு அடியிலிருந்து வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டில் வெளிச்சக் கேள்விதான் பெரிது. விளக்கு உள்ள கீபோர்டும் விளக்கு இல்லாத கீபோர்டும் பார்க்க ஒன்று போலிருந்தாலும் மின்சாரக் கணக்கில் இரண்டும் வேறு வேறு சாதி. ஒன்று டார்ச் லைட் மாதிரி. எரியும்வரை குடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று சுவர்க் கடிகாரம் மாதிரி. சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடும். டார்ச்சுக்குச் சொல்லும் யோசனையைக் கடிகாரத்துக்குச் செய்தால் பயன் இருக்காது, சில சமயம் நஷ்டம்கூட வரும். புதிதாக வாங்கியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விளக்கு எவ்வளவு குடிக்கிறது?

வித்தியாசத்தைக் காட்ட ஓர் உதாரணம். லாஜிடெக்கின் எம்எக்ஸ் கீஸ் கீபோர்டில் இருப்பது 1500 எம்ஏஎச் பேட்டரி. விளக்கு எரிந்தால் ஒரு சார்ஜுக்கு 10 நாள், விளக்கை அணைத்துவிட்டால் 5 மாதம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. 1500-ஐ 10-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 150. அதே 1500-ஐ 150 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு வெறும் 10. ஆக, நீங்கள் அடிக்கும் எழுத்தையெல்லாம் கணினிக்கு அனுப்பும் மொத்த வேலைக்கும் செலவு 10 பங்குதான். மீதி 140 பங்கும் எழுத்துக்கு அடியில் வெளிச்சம் காட்டவே போகிறது.

இதைப் பார்த்த பிறகு, வேகமாக டைப் அடித்தால் சார்ஜ் சீக்கிரம் தீருமோ, புளூடூத்தை விட, கணினியில் செருகும் டாங்கிள் சிக்கனமோ என்றெல்லாம் மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் மிச்சமாவதெல்லாம் அந்த 10 பங்குக்குள்தான் அடங்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. விளையாட்டுக்கென்றே வரும் சில கீபோர்டுகள் டாங்கிள் வழியாக நொடிக்கு 1000 முறை கணினியோடு பேசும். அந்த வகையில் டாங்கிளின் செலவு கணிசமாகவே இருக்கும். கடிதமும் கணக்கும் அடிக்க மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதைப் புளூடூத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விளக்கைக் குறைக்கும் முறை

பகலில் விளக்கே தேவையில்லை. இதைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் வெளிச்சமான அறையில் அந்த விளக்கு எரிகிறதா என்பதே கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று பிரைட்னெஸ்ஸை இன்னும் ஏற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். Fn பட்டனை அழுத்தியபடி, சூரியன் அல்லது பல்பு படம் போட்ட பட்டனைத் தட்டினால் பெரும்பாலான கீபோர்டுகளில் வெளிச்சம் படிப்படியாக இறங்கும். கடைசிப் படிக்கும் கீழே இறங்கி முழுதாக அணையும்வரை தட்டுங்கள்.

இரவுக்கு விளக்கு வேண்டும் என்றால் இப்படிச் செய்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு வெளிச்சத்தைக் கடைசிப் படியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். எழுத்து படிக்கும்படி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அநேகமாக முதல் அல்லது இரண்டாம் படியிலேயே நின்றுவிடும். நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. மின்சாரத்தைப் பாதியாக்கினாலும் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கியது போலத்தான் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத அந்த மீதிப் பாதி உங்களுக்கு லாபம்.

பல வண்ண விளக்கு உள்ள கீபோர்டில் வண்ணமும் ஒரு கணக்கு. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சின்ன விளக்குகள் சேர்ந்திருக்கும். வெள்ளை நிறம் வேண்டுமென்றால் மூன்றும் எரிந்தாக வேண்டும். சிவப்போ பச்சையோ மட்டும் வைத்தால் ஒன்று எரிந்தால் போதும். செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். அலையலையாக ஓடும் ஜாலங்களை விட, தொட்ட பட்டன் மட்டும் மின்னி அணையும் அமைப்பு சிக்கனமானது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சிலர் விளக்கை அணைப்பதற்குப் பதிலாக, அதன் செயலியில் போய்க் கறுப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பார்க்க அணைந்தது போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு குட்டிச் சில்லு வைத்த வகைகள் உண்டு. அந்தச் சில்லு, ‘இப்போது கறுப்பு’ என்ற கட்டளையைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கே ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் எடுக்கும். 80 பட்டனுக்குக் கணக்குப் போட்டால் அது சின்னத் தொகை இல்லை. கறுப்பு நிறம் வேறு, அணைப்பது வேறு. அணைப்பதற்கென்று இருக்கும் பட்டனையே பயன்படுத்துங்கள்.

இரண்டு டைமர்களைப் பிரித்துப் பாருங்கள்

கீபோர்டில் டைமர் என்றால் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். விளக்குள்ள கீபோர்டில் வழக்கமாக இரண்டு இருக்கும். முதலாவது விளக்கு டைமர்: கை எடுத்த பிறகு எத்தனை நொடியில் வெளிச்சம் அணைய வேண்டும் என்பது. இரண்டாவது உறக்க டைமர்: எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் கீபோர்டு முழுதாகத் தூங்கி, கணினியோடு இருக்கும் தொடர்பையே விட வேண்டும் என்பது.

விளக்கு டைமரை எவ்வளவு குறைத்தாலும் உங்களுக்கு இடைஞ்சல் வராது. தொடர்பு அப்படியே இருப்பதால், அணைந்த பிறகு எந்தப் பட்டனைத் தொட்டாலும் எழுத்தும் விழும், விளக்கும் எரியும். 10 நொடிக்கு வைத்துவிடலாம். ஒரு பத்தி அடித்துவிட்டு அடுத்ததை யோசிக்கும் நேரம், திரையைப் படிக்கும் நேரம், போன் பேசும் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். எட்டு மணி நேரம் கணினி முன் இருப்பவர் விரலைப் பட்டனில் வைத்திருப்பது இரண்டு மூன்று மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் விளக்கு யாருக்கோ எரிந்துகொண்டிருக்கிறது.

உறக்க டைமர் அப்படி இல்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும் கீபோர்டு கணினியோடு மறுபடி கைகுலுக்க ஒன்றிரண்டு நொடி எடுக்கும். அதற்குள் அடித்த எழுத்து காற்றோடு போய்விடும். ‘வணக்கம்’ என்று அடித்தால் ‘ணக்கம்’ என்று விழுவது இதனால்தான். பாஸ்வேர்டு அடிக்கும்போது இது நடந்தால் நம் மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே இதை இரண்டு மூன்று நிமிடத்துக்கு இறுக்கிவிட்டு எரிச்சல்படாதீர்கள். விளக்கு டைமர் சரியாக வேலை செய்தால் உறக்க டைமர் 15 நிமிடத்திலோ 30 நிமிடத்திலோ இருந்துவிட்டுப் போகட்டும். எழுப்புவதற்கு எழுத்துப் பட்டனைத் தட்டாமல் ஷிஃப்டைத் தட்டி ஒரு மூச்சு விட்டுவிட்டு அடித்தால் எழுத்து தொலையாது.

இந்த டைமர்கள் இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் கணினியில் நிறுவும் செயலியில் இருக்கும், சிலவற்றில் Fn-ஓடு சேர்த்து அழுத்தும் பட்டனில். மலிவான பலவற்றில் மாற்றவே முடியாது, கம்பெனி வைத்ததுதான். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போய், `Allow the computer to turn off this device to save power` என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டு, கீபோர்டு பேட்டரி மிச்சமாகும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. அது மிச்சம் பிடிப்பது கணினியின் மின்சாரத்தை. கீபோர்டு தன் தூக்கத்தைத் தானேதான் முடிவு செய்யும்.

தூங்க விடாமல் கெடுப்பவை

டைமரை வைத்த பிறகும் சார்ஜ் ஓடுகிறது என்றால், கீபோர்டு உண்மையில் தூங்கவில்லை. இதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு.

முதலாவது, அழுந்திக் கிடக்கும் பட்டன். மேசையில் கீபோர்டின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போகிறோம். அதன் ஓரம் ஒரு பட்டனை இரவு முழுக்க அழுத்திக்கொண்டிருக்கிறது. பையில் போட்டு எடுத்துப் போகும்போது இன்னும் மோசம்: ஒவ்வொரு குலுக்கலிலும் ஏதோ ஒரு பட்டன் அழுந்தி, கீபோர்டு விழித்து, விளக்கைப் போட்டு, அருகில் இல்லாத கணினியைத் தேடும்.

இரண்டாவது, அந்தத் தேடல்தான். மூன்று கணினிகளோடு இணையும் கீபோர்டில், வீட்டுக் கணினியின் எண்ணை விட்டுவிட்டு அலுவலகக் கணினியின் எண்ணில் பட்டன் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தட்டுகிறீர்கள், எழுத்து வரவில்லை, மறுபடி தட்டுகிறீர்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று காற்றில் கூவிக்கொண்டிருக்கும். இணைந்து சும்மா இருப்பதை விட இந்தக் கூவலுக்குச் செலவு அதிகம்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பக்கவாட்டிலோ பின்புறமோ இருக்கும் ஆன்-ஆஃப் சுவிட்ச். இரவில் மேசையில் சும்மா இருக்கும் கீபோர்டுக்கு இது அவசியமில்லை, தூக்கமே போதும். பையில் போகும்போது கட்டாயம் அணையுங்கள்.

எந்த செல்?

இதுவரை சொன்னதெல்லாம் டார்ச் வகைக்குப் பெரிய லாபம் தரும். விளக்கில்லாத கடிகார வகைக்கு ஆட்டமே வேறு. அங்கே எதிரி கீபோர்டு அல்ல, உள்ளே போடும் செல்.

இரண்டு டிரிபிள் ஏ செல்லில் 24 மாதம் ஓடும் என்று பெட்டியில் அச்சிட்ட கீபோர்டை எடுத்துக்கொள்வோம். ஒரு டிரிபிள் ஏ ஆல்கலைன் செல்லின் கொள்ளளவு சுமார் 1100 எம்ஏஎச். இரண்டும் வரிசையாக இணைவதால் வோல்ட்தான் கூடும், கொள்ளளவு அதே 1100-தான். 730 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை, மாதத்துக்கு 45.

‘இதையே ரீசார்ஜபிள் போட்டால் செலவு மிச்சமே’ என்று, 800 எம்ஏஎச் கொண்ட சாதாரண நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இரண்டைப் போடுகிறீர்கள். இந்த வகை செல் எதிலும் போடாமல் சும்மா வைத்திருந்தாலே முதல் மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தானாக இழக்கும். 800-இல் அது 160. அதாவது, கீபோர்டு 45 குடிப்பதற்குள் செல் தன்னாலேயே 160-ஐக் கசியவிடுகிறது. சில மாதத்திலேயே காலி. கீபோர்டு மேல் தப்பே இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வைத்தது நாம்தான்.

இதற்கு மாற்றாக மெல்லக் கசியும் ரீசார்ஜபிள் வகை உண்டு. 2005-இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்ததிலிருந்து இது பரவலாகக் கிடைக்கிறது. உறையில் ‘ரெடி டு யூஸ்’ அல்லது ‘பிரீ-சார்ஜ்டு’ என்று போட்டிருந்தால் இந்த வகைதான். கசிவு ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் மாதத்துக்கு 13. கீபோர்டின் 45-ஐயும் சேர்த்தால் 58. 800-ஐ அதனால் வகுத்தால் 14 மாதம் போல வரும். கடிகார வகைக்கு ரீசார்ஜபிள்தான் வேண்டும் என்றால் இதை வாங்குங்கள். எம்ஏஎச் எண் பெரிதாகப் போட்டதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கே முக்கியம் கொள்ளளவு இல்லை, கசிவு.

என்னைக் கேட்டால், விளக்கில்லாத கீபோர்டுக்கு நல்ல ஆல்கலைன் செல்லே போதும். இரண்டு ஆண்டுக்கு ஒரு ஜோடி செல்லைத் தூக்கிப் போடுவதற்காக, சார்ஜர் வாங்கி, அதற்கென ரீசார்ஜபிள் வாங்கி வைப்பதில் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை. சார்ஜர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வேறு விஷயம். விளக்கோடு டபுள் ஏ செல்லில் ஓடும் கீபோர்டு என்றால் தீர்ப்பு தலைகீழ். நாளைக்கு 150 குடித்தால் 2500 எம்ஏஎச் ஆல்கலைன் பதினாறு நாள்தான் வரும். ஆண்டுக்கு இருபது ஜோடிக்கு மேல். அங்கே ரீசார்ஜபிள் தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை.

ரீசார்ஜபிள் போட்டதும் இன்னொரு பயம் வரும். அப்போதுதான் முழுதாகச் சார்ஜ் செய்து போட்டிருப்பீர்கள். கணினியோ பேட்டரி பாதிதான் இருக்கிறது என்று காட்டும். செல் கெட்டுவிட்டதோ என்று நினைக்காதீர்கள். புது ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிச் சீராக இறங்கிக்கொண்டே வரும். அது 1.2-க்கு வரும்போது பாதி தீர்ந்திருக்கும். பல கீபோர்டுகள் அந்த இறக்கத்தை வைத்துத்தான் சதவீதம் சொல்கின்றன. நிக்கல் செல்லோ தன் ஆயுளின் பெரும்பகுதியை 1.2-ஐ ஒட்டியே கழிக்கும். அதனால் முதல் வாரத்திலேயே பாதி என்று காட்டி, மாதக்கணக்கில் அங்கேயே நின்று, கடைசியில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் நின்றுபோகும். சதவீதத்தை நம்பாமல், போட்ட தேதியைச் சின்னச் சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை எத்தனை மாதம் வந்தது என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்துச் சார்ஜ் போடலாம்.

டபுள் ஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கிடைக்கிறது. உறையில் 14500 என்றிருக்கும். டிரிபிள் ஏ அளவில் வருவது 10440. அளவு அச்சாகப் பொருந்தும், ஆனால் இரண்டைப் போட்டால் மூன்று வோல்ட் போக வேண்டிய இடத்தில் ஏழுக்கு மேல் போகும். கீபோர்டு அதோடு முடிந்தது.

உள்ளே பொதிந்த லித்தியம் பேட்டரி

இதில் தேர்வு செய்ய எதுவுமில்லை, காப்பாற்ற மட்டுமே உண்டு. இந்த வகை பேட்டரி 300 முதல் 500 முழுச் சார்ஜ் வரை நல்ல பலத்தோடு இருக்கும். விளக்கை முழு வெளிச்சத்தில் விட்டு மூன்று நாளுக்கொரு முறை சார்ஜ் போட்டால் ஆண்டுக்கு 120. நான்கே ஆண்டில் கணக்குத் தீர்ந்துவிடும். விளக்கை அடக்கினால் தினமும் மிச்சமாவதோடு பேட்டரியின் ஆயுளும் சேர்ந்து நீள்வது இப்படித்தான்.

இதற்குப் பெரிய எதிரிகள் சூடும் முழுப் பட்டினியும். வெயில் விழும் ஜன்னலோரத்திலோ மூடிய காரிலோ வைக்காதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் நிறுத்தி, சுவிட்சை அணைத்து எடுத்து வையுங்கள். சுத்தமாகத் தீர்ந்த நிலையில் அலமாரியில் போட்டுவிட்டால், மிச்சமிருக்கும் துளியும் வடிந்து, பிறகு வயரைச் செருகினாலும் சார்ஜ் விளக்கு எரியாத நிலை வரலாம். அப்படி ஆனால் உடனே தூக்கி எறியாமல் ஒரு மணி நேரம் செருகியே வைத்துப் பாருங்கள். சில கீபோர்டுகள் ஆரம்பத்தில் மிக மெல்ல ஏற்றிப் பேட்டரியை எழுப்பப் பார்க்கும். தட்டையான மேசையில் வைத்த கீபோர்டு திடீரென்று ஆடுகிறது, நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கிறது, அங்கே பட்டன் முழுதாக இறங்கவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு முறைகூடச் சார்ஜ் போடக் கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

மாற்றியது பலித்ததா?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. பேட்டரி 90 சதவீதம் இருக்கும்போது தொடங்கி, பழைய அமைப்பிலேயே மூன்று நாள் வேலை செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி 90-க்கு ஏற்றி, விளக்கு டைமரை மட்டும் மாற்றி மூன்று நாள். முன்பு 60-க்கு இறங்கியது இப்போது 80-இல் நிற்கிறது என்றால், நாளைக்குப் பத்து சதவீதம் போனது மூன்றரைக்கும் கீழே வந்துவிட்டது. கடைசி 20 சதவீதத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். அங்கே எண் தாறுமாறாகக் குதிக்கும். புளூடூத் கீபோர்டின் சதவீதம் விண்டோஸில் `Settings > Bluetooth & devices` பக்கத்தில் தெரியும்.

செல் கசிந்தால்

ஆல்கலைன் செல்லை வைத்து மறந்துவிடுபவர்களுக்கு இது ஒரு நாள் நேரும். மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பழைய செல்லையும் புது செல்லையும் சேர்த்துப் போட்டிருந்தால் இது இன்னும் சீக்கிரம் வரும். புதியது தள்ளும் மின்சாரம், தீர்ந்துபோன பழையதை எதிர்த்திசையில் வதைக்கும். அதனால்தான் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

அந்தப் பொடி காரத்தன்மை உள்ளது, கையில் பட்டால் எரியும். கையுறை போட்டுக்கொண்டு செல்லை எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், கண்ணுக்குள் போகும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ லேசாக நனைத்து, பிழிந்துவிட்டு, ஸ்பிரிங்கின் மேல் தேயுங்கள். மெல்ல நுரை வந்து பொடி கரையும். குச்சியை மாற்றி மாற்றித் தேய்த்து, நுரை நின்றதும் தண்ணீரில் நனைத்த குச்சியால் துடைத்து, கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்து, மூடியைத் திறந்தபடியே ஒரு நாள் காயவிடுங்கள். ஸ்பிரிங் பச்சை படர்ந்து மங்கியிருந்தால் நைஸான உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை இரண்டு தேய்ப்பு. புது ஜோடியைப் போட்டும் உயிர் வரவில்லை என்றால், செல்லை விரலால் ஸ்பிரிங் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் எரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் போதும். அப்போதும் எரியாவிட்டால் கசிவு உள்ளே மின்சுற்றுப் பலகைவரை போயிருக்கும்.